ஒரு ‘ச்’ படுத்திய பாடு

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கிடக்கும் பழைய சாமான்களைப் படம் பிடித்துப் போடுவதற்கென்று ஒரு சின்னப் பக்கம் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு சாமான் என்று தொடர் ஆரம்பிக்க ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதோடு நிற்காமல், யாரையும் கேட்காமல் ‘செட்டிநாட்டுச் சீர்ச்சாமான்’ என்று பேரும் வைத்தேன்.

முதல் தண்டம் பேர்ப்படத்துக்கு. எங்கள் ஊர் ஃபிளெக்ஸ் கடை ஒன்றில் 600 ரூபாய் கொடுத்து, ஆத்தங்குடிக் கல் பூவேலையை ஓரமாக வைத்து அழகாகச் செய்து வாங்கினேன். இரண்டாம் வாரம் ‘வாரம் 1’ என்பதை 2 ஆக்கலாம் என்று பார்த்தால், படத்தோடு ஒட்டிப்போன எழுத்து, நகரவே இல்லை. மூலக் கோப்பைக் கேட்டுப் போனேன். அன்றைக்குத் திங்கட்கிழமை, சந்தைக் கூட்டம் வேறு. “அதெல்லாம் நாங்க எடுத்து வைக்கிறதில்லீங்க, நம்பர் மாத்த வாராவாரம் வாங்க” என்றார் பையன். எண் மாறும் இடத்தைக் காலியாக விட்டு வாங்கியிருக்க வேண்டும். யாரிடமாவது செய்யக் கொடுத்தால், காசு கொடுக்கும் முன்னாலேயே திருத்தக்கூடிய கோப்பைக் கேளுங்கள்.

அது சின்ன அடிதான். பெரிய அடி நாலாம் வாரம். ஹேஷ்டேகைத் தொட்டுப் பார்த்தால் என் பதிவுகள் நாலு மட்டும் அநாதையாக நிற்கின்றன. எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று பலர் படம் போட்டிருந்தது எனக்குத் தெரியும். அதெல்லாம் எங்கே? ஒருவர் இரண்டு ‘ச்’சையும் விட்டு #செட்டிநாட்டுசீர்சாமான் என்று போட்டிருந்தார். ஒருவர் முதலாவதை மட்டும் விட்டிருந்தார், இன்னொருவர் இரண்டாவதை. ஒரு புள்ளி எழுத்து குறைந்தாலும் அது வேறு ஹேஷ்டேக். ஆக ஒரே தொடர் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை. தட்டெழுதும்போது ஒற்று போட்டுத்தான் எழுத வேண்டும் என்று யாருக்குத் தலையெழுத்து?

எதிர் வளவு ஆச்சியிடம் புலம்பினேன். “பேரே பாத்திரக்கடை போர்டு மாதிரில்லப்பா இருக்கு” என்றார்கள். அதுவும் உண்மைதான். சீர்ச்சாமான் என்று பேர் வைத்துவிட்டால் சீரில் வராத எதையும் போட முடியாது. எழுதிப் பார்த்தேன், ஏழு வாரத்துக்கு மேல் சரக்கு இல்லை.

அடுத்து ‘முகப்பு’ என்று யோசித்தேன். நம் வீடுகளின் முன்கட்டு, எழுத்துக் குழப்பமும் இல்லை. தேடிப் பார்த்தால் இணையதளங்களின் முகப்புப் பக்கமாக வந்து கொட்டுகிறது. ‘வளவு’ என்றால் பாதிப் பேர் ‘வலவு’ என்று அடிப்பார்கள். மரப் பாத்திரமான ‘மரவை’யை ‘மறவை’ ஆக்குவார்கள்.

கடைசியில் கிடைத்தது ‘இது என்ன ஆச்சி’. பேரன் பெட்டகத்துக்குள்ளிருந்து எதையோ தூக்கிக்கொண்டு வந்து கேட்கும் கேள்வி. இதில் சந்தி மிகும் தொல்லை இல்லை, ஏனென்றால் இரண்டாவது வார்த்தையும் மூன்றாவதும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. இடைவெளி இல்லாமல் #இதுஎன்னஆச்சி என்று ஒட்டினாலும் எ, ஆ இரண்டும் தனியாகத் தெரிவதால் கண் தானாகப் பிரித்துப் படித்துவிடுகிறது. (க, ச, த, ப-வில் தொடங்கும் இரண்டாம் வார்த்தையைத் தவிர்த்தாலே பாதித் தலைவலி போய்விடும்.) முடிவு செய்யும் முன் நாலு பேரிடம் வாயால் சொல்லி, அடித்துக் காட்டச் சொன்னேன். நாலும் ஒரே மாதிரி வந்தது.

பேர் கேள்வியானதும் தொடரின் அமைப்பும் அதுவாகவே வந்தது. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஒரே ஒரு சாமானின் படம், பின்னால் அதே ஆத்தங்குடிக் கல் ஓரம். எண்ணை நானே கைப்பேசியில் போடுகிறேன். இங்கேயும் ஒரு முறை சொதப்பினேன். முதல் வாரம் பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூச்சு மரவையைப் போட்டேன். பூசைப் பெட்டி, பொரி டப்பா என்று ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஒரு மணி நேரத்தில் விடையைச் சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர்கூட வரவில்லை.

இப்போது விடை அடுத்த வாரப் பதிவின் முதல் வரியில்தான் வரும், சரியாகச் சொன்னவர் பேரோடு. அதன் கீழேதான் புதுக் கேள்வி. நீளமான பதிவில் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும் என்பதால் விடையை மேலே வைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓலைக் கொட்டான் மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததைப் போடுவதில்லை, ஊகிக்க எதுவும் இருக்காது. தொடங்கும் முன்னாலேயே பன்னிரண்டு சாமான்களைப் படமெடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வீடுகளில் கிடைக்காததற்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

போன சனிக்கிழமை ஒரு சாந்தி கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பதிவு போட மறந்துவிட்டது. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்தது: “அண்ணே, விடை எங்கே?” பந்தியில் உட்கார்ந்தபடியே, இடது கையால் போட்டுவிட்டேன்.