ஆறு பேர், ஏழு நிழல்

திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் போட்டோ டெஸ்க்கில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் எங்களுக்கு விடியும். குளக்கரை, பள்ளி ஆண்டு விழா, கடை திறப்பு என்று படங்கள் வந்து குவியும். ஒரு படத்துக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். பகுதிநேர நிருபர் ஒருவர் அனுப்பிய வெள்ளப் படத்தின் மெட்டாடேட்டாவை, அதாவது கோப்புக்குள் பதிவாகியிருக்கும் விவரங்களைத் திறந்து பார்த்தபோது, Software என்ற இடத்தில் போட்டோஷாப்பின் பெயர் இருந்தது. ஏதோ சேர்த்திருக்கிறார், இல்லை எதையோ எடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிப் படத்தைத் தூக்கிப் போட்டேன். அவர் செய்ததெல்லாம் ஓரத்தை வெட்டி, மெயிலில் போகும் அளவுக்குச் சுருக்கியது மட்டும்தான். எங்கள் தலைமைப் புகைப்படக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, “பேனா வச்சிருக்கவன் எல்லாம் கள்ளக் கையெழுத்துப் போடுறவனாடே?” என்று கேட்டார். அன்றிலிருந்து படத்தை முதலில் பார்ப்பேன், மெட்டாடேட்டா கடைசியில்தான்.

மதகுப் படம் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. ஒரு குளத்தின் மதகைப் பழுதுபார்த்துத் திறந்த விழா. கரையில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மதகுச் சுவர். விழா நடத்தியவர்களின் ஆள் மெயிலில் அனுப்பியிருந்தார். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நம் ஊர் விழாவில் யாரும் அளவெடுத்து நிற்பதில்லை. ஆனால் வெயில் படமெடுத்தவரின் இடது தோளுக்குப் பின்னாலிருந்து சாய்வாக வந்திருந்தது. எல்லார் நிழலும் வலப்பக்கம் ஓடி, தலைகள் வெள்ளைச் சுவரில் ஏறியிருந்தன. எண்ணினேன். தலை நிழல் ஏழு.

இதைப் பார்த்ததும் கத்திவிடக் கூடாது. சட்டகத்துக்கு வெளியே இடப்பக்கம் நிற்கும் ஒருவரின் நிழலும் உள்ளே விழலாம், அது தினமும் நடப்பதுதான். வேறொரு பொறியும் உண்டு. தரையில் விழும் நிழல்கள் ஆளுக்கு ஒரு சாய்வில் இருக்கின்றன, அதனால் படம் பொய் என்று பலர் சொல்வார்கள். நிஜத்தில் இணையாக விழும் நிழல்கள்கூடப் படத்தில் தொலைவுக்கேற்ப விரிந்தும் குவிந்தும்தான் தெரியும், ரயில் தண்டவாளம் மாதிரி. சாய்வு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்ப்பதில் பயனில்லை.

நம்பத்தக்க வழி ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் உச்சியிலிருந்து அதன் நிழலின் உச்சிக்கு ஒரு கோடு போட வேண்டும். அப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் போட்டு நீட்டினால், வெளிச்சம் சூரியன் ஒன்றே என்றால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் வந்து சேரும். சூரியன் காமிராவுக்கு எதிரே இருந்தால் அந்தப் புள்ளி மேலே, சூரியன் இருக்கும் இடத்தில். முதுகுக்குப் பின்னால் இருந்தால் அடிவானத்துக்குக் கீழே, நிழல் ஓடும் பக்கத்தில். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் நிழல் சுவரில் ஏறினாலும் இது மாறாது. ஆனால் தலையையும் அதன் நிழலையும் சரியாக ஜோடி சேர்க்க வேண்டும். ஓரம் மங்கிய நிழல் என்றால் புள்ளி கொஞ்சம் அப்படி இப்படிப் போகும்.

ஆறு பேருக்கும் கோடு போட்டேன். படத்துக்கு வெளியே, வலது கீழ்ப்புறம் சேர்ந்தன. அந்தப் புள்ளியிலிருந்து ஏழாவது தலை நிழல் வழியாக ஒரு கோட்டைத் திருப்பி இழுத்தேன். அது மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவே, சரியாகத் தலை உயரத்தில் போய், அதற்கு மேல் வானத்தில் ஏறியது. நிழலுக்குரியவர் அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ இருந்தாக வேண்டும். சட்டகத்துக்கு வெளியே என்றால் அவர் பனைமரத்தில்தான் ஏறி நின்றிருக்க வேண்டும்.

சரி, ஆளை எடுத்த இடத்தில் என்ன வைத்து மூடினார்கள்? இடைவெளியில் சுவரும் அதற்குக் கீழே புல்லும் தெரிந்தன. புல்லில் திரும்ப வரும் அச்சைத் தேடும்போது புல்லையே பார்த்தால் கண் ஏமாறும், எல்லாப் புல்லும் ஒரே மாதிரிதான். விசித்திரமான ஒரு சிறு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் இரட்டையைத் தேடுவதுதான் என் வழக்கம். அண்ணாச்சி இதற்கு 2006 ஆகஸ்டில் வந்த பெய்ரூட் படத்தைக் காட்டுவார். குண்டு விழுந்த நகரத்தின் மேல் எழும் புகையை அத்னான் ஹஜ் என்ற புகைப்படக்காரர் க்ளோன் செய்து அடர்த்தியாக்கியிருந்தார். ஒரே சுருள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்ததுதான் காட்டிக்கொடுத்தது. அவர் படம் கொடுத்துவந்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவருடைய 920 படங்களைத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துவிட்டது.

எங்கள் குளக்கரையில் எனக்குக் கிடைத்தது ரோஸ் நிறக் கேரி பேக் கிழிசல் ஒன்று. நான்காமவரின் காலடியில் ஒன்று, இடைவெளியில் அதே மடிப்போடு இன்னொன்று. அந்தப் புல்துண்டை வெட்டி, புது லேயராக மற்றதன் மேல் வைத்து, லேயர் வகையை Difference என்று மாற்றி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தினேன். ஒன்றுக்கொன்று சமமான இடம் கறுத்துவிடும். ஓரிடத்தில் வந்ததும் கேரி பேக்கும் சுற்றியுள்ள புல்லும் சேர்ந்து ஏறக்குறைய முழுசாக அணைந்தன. முழுக் கறுப்பு வராது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்குகிறது. ஒட்டிய துண்டு கட்டத்துக்குள் வேறு இடத்தில் உட்கார்ந்தால் மெல்லிய புள்ளிகள் மிஞ்சும். நிஜமான புல் எவ்வளவு ஒத்திருந்தாலும் இப்படி அணையாது. தரை ஓடு, செங்கல் போன்றவற்றில் இந்தச் சோதனையை அவ்வளவாக நம்ப மாட்டேன். சுற்றுப்புறத்தைக் கலந்து தானே நிரப்பும் கருவிகள் வந்த பிறகு இரட்டைகளும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன.

அப்புறம்தான் மெட்டாடேட்டா. அதைப் படிக்கும் exiftool என்ற கருவிக்கு இரண்டு கட்டளைகள் கொடுத்தேன்.

```
exiftool -a -G1 -s vizha.jpg
exiftool -b -ThumbnailImage vizha.jpg > siru.jpg
```

படமெடுத்த நேரமான DateTimeOriginal மாலை 4:32, கோப்பைக் கடைசியாக மாற்றிய நேரமான ModifyDate இரவு 7:10. வெறுமனே ஓரம் வெட்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது கட்டளைதான் அதிர்ஷ்டம். காமிரா படத்தோடு ஒரு குட்டிப் படத்தையும் கோப்புக்குள் வைக்கும். பெரும்பாலான மென்பொருள்கள் சேமிக்கும்போது அதையும் புதுப்பித்துவிடும். சில பழையதை அப்படியே விட்டுவிடும். வெளியே வந்த தபால்தலை அளவுப் படத்தில் ஏழு பேர் நின்றார்கள். இது எப்போதும் கிடைக்காது. IMG-20170612-WA0004.jpg என்கிற மாதிரிப் பெயரோடு வாட்ஸாப்பில் வந்திருந்தால் இந்த விவரங்கள் எல்லாம் உதிர்ந்திருக்கும். உதிர்ந்திருப்பதும் குற்றத்துக்குச் சாட்சி இல்லை, பாதிப் படங்கள் அப்படித்தான் வருகின்றன.

அனுப்பியவருக்குப் போன் செய்து, ஒரிஜினலை அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அந்த ஆள் மேல இப்ப ஒரு கேஸ் இருக்கு சார், அதான்…” என்றார். ஏழு பேர் படம் இருந்தால்தான் போடுவோம் என்றதும் ஒன்பது மணிக்கு அனுப்பினார். மறுநாள் ஏழு பேரும் வந்தார்கள், மூன்று பத்தி அகலத்தில்.

ஒரிஜினலில் அந்த ஆள் மூன்றாமவரின் தோளில் கை போட்டிருந்தார். வெட்டிய படத்தை மறுபடி திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் தோளில் இரண்டு விரல் நுனிகள், அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. கோடு போட்டும் புல்லைத் தேடியும் நாற்பது நிமிடம் அந்தப் படத்தையே உற்றுப் பார்த்திருக்கிறேன், அவை என் கண்ணில் படவே இல்லை.