ஏடிஎக்ஸ் கணக்கைக் கையால் போட்டுப் படித்த அனுபவம்

விலை வரைபடங்களைப் படித்துச் சந்தையைக் கணிப்பவர்களுக்கான சிஎம்டி முதல் நிலைத் தேர்வுக்குப் படித்தபோது என்னை அதிக நாள் நிறுத்திவைத்த பாடம் ஏடிஎக்ஸ்தான், அதாவது பங்கு விலையின் போக்கு எவ்வளவு பலமானது என்று காட்டும் எண். பகலில் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை, இரவில் தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் படிப்பு. ஏடிஎக்ஸ் 25-க்கு மேலே போனால் போக்கு இருக்கிறது, 20-க்குக் கீழே வந்தால் சந்தை ஒரு எல்லைக்குள் ஊசலாடுகிறது. இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மாதிரித் தேர்வில் ஏடிஎக்ஸ் பற்றிய கேள்விகளில் பாதிக்கு மேல் தவறு.

என்னோடு படித்த ஒரு அண்ணன் என் விடைகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, விலை எந்தப் பக்கம் போகுதுன்னு ஏடிஎக்ஸ் சொல்லவே சொல்லாது. ஒரே பக்கமா எவ்வளவு தள்ளுதுன்னுதான் சொல்லும். ஒரு தடவை நோட்டுல போட்டுப் பாரு, புரியும்" என்றார். அன்று இரவே உட்கார்ந்தேன்.

வெல்ஸ் வைல்டர் 1978-ல் கொடுத்த முறை இது. ஒவ்வொரு நாளும் இரண்டு கேள்வி. இன்றைய உச்சம் நேற்றைய உச்சத்தை எவ்வளவு தாண்டியது? இன்றைய தாழ்வு நேற்றைய தாழ்வுக்குக் கீழே எவ்வளவு இறங்கியது? இரண்டில் எது பெரியதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்த அளவு சேரும், மற்றதற்குப் பூஜ்யம். இன்றைய உச்சமும் தாழ்வும் நேற்றைய எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டால் இரண்டுக்கும் பூஜ்யம். தீபாவளிக் கூட்டத்தில் எங்கள் தெருவை நினைத்துக்கொள்வேன். ஆயிரம் பேர் நெருக்கினாலும் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்றால் நகர முடியாது. கூட்டம் எவ்வளவு என்பது வேறு, எல்லோரும் ஒரே பக்கம் போகிறார்களா என்பது வேறு. ஏடிஎக்ஸ் இரண்டாவதைத்தான் அளக்கிறது.

நான் போட்ட முதல் கணக்கை அப்படியே தருகிறேன். நேற்று உச்சம் 250, தாழ்வு 244, முடிவு விலை 246. இன்று உச்சம் 254, தாழ்வு 245. மேல்பக்கம் 4 சேர்ந்தது, கீழ்ப்பக்கம் எதுவும் இல்லை. உண்மை வீச்சு, அதாவது இன்றைய உச்சம்-தாழ்வு இடைவெளி, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம் வரை, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய தாழ்வு வரை என்ற மூன்றில் பெரியது, 9. உண்மை வீச்சு, மேல்பக்கம், கீழ்ப்பக்கம் மூன்றுக்கும் நேற்று வரையிலான 14 நாள் கூட்டுத்தொகைகள் முறையே 98, 28, 14 என்றும், நேற்றைய ஏடிஎக்ஸ் 22 என்றும் வைத்துக்கொள்வோம். கீழே TR என்பது உண்மை வீச்சு, +DM மேல்பக்க அளவு, -DM கீழ்ப்பக்க அளவு. பழைய கூட்டுத்தொகையில் பதினான்கில் ஒரு பங்கைக் கழித்து இன்றையதைச் சேர்க்கிறோம். ப்ளஸ் டிஐ, மைனஸ் டிஐ என்பவை அந்த இரண்டு பக்கமும் உண்மை வீச்சில் எத்தனை சதவீதம் என்பவை, டிஎக்ஸ் அவற்றின் இடைவெளியை அவற்றின் கூட்டுத்தொகையில் சதவீதமாகச் சொல்வது.

```
TR14  = 98 - 98/14 + 9 = 100
+DM14 = 28 - 28/14 + 4 = 30
-DM14 = 14 - 14/14 + 0 = 13
+DI = 100 × 30/100 = 30    -DI = 100 × 13/100 = 13
DX  = 100 × (30 - 13) / (30 + 13) = 39.5
ADX = (22 × 13 + 39.5) / 14 = 23.25
```

கடைசி இரண்டு வரியை நிதானமாகப் பாருங்கள். அன்றைய டிஎக்ஸ் 39.5, ஆனால் ஏடிஎக்ஸ் 22-லிருந்து 23.25-க்குத்தான் நகர்ந்தது. டிஎக்ஸ் இனி தினமும் 40-லேயே நின்றாலும் 25-ஐத் தாண்ட இன்னும் இரண்டு நாள் வேண்டும். இறங்குவதும் இப்படித்தான். டிஎக்ஸ் தினமும் பூஜ்யமாகவே இருந்தாலும் ஏடிஎக்ஸ் ஒரு நாளில் தன்னில் பதினான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைய முடியாது. 40-லிருந்து 20-க்குக் கீழே வரக் குறைந்தது பத்து வர்த்தக நாள். இந்த ஒன்று மனதில் பதிந்ததும் பல கேள்விகளுக்கு விடை தானாக வந்தது.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வைல்டரின் 14 நாள் சமன்படுத்தல், சாதாரண அடுக்குச் சராசரி என்கிற இஎம்ஏ கணக்கில் 27 நாளுக்குச் சமம். வழக்கமான 14 நாள் அடுக்குச் சராசரியை அந்த இடத்தில் போட்டால் கோடு வேகமாகத் துள்ளும், 25-ஐ அடிக்கடி தாண்டும். உங்கள் அட்டவணை, வரைபட மென்பொருளின் திரையில் தெரிவதோடு பொருந்தவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். முதல் ஏடிஎக்ஸ் எண் 28-வது நாளில் கிடைத்துவிடும். ஆனால் தொடக்கத்தின் பாதிப்பு கரைய நேரமாகும் என்பதால் நான் 150 நாள் விலையை முன்னால் சேர்த்துக்கொண்டேன்.

சரி, ஏடிஎக்ஸைப் பார்த்து வர்த்தக முறையை மாற்றுவதற்கு வருவோம். முதலில் நான் 25 என்ற ஒரே கோட்டைத்தான் வைத்திருந்தேன். மேலே இருந்தால் போக்கைத் தொடர்ந்து போவது, கீழே வந்தால், விலை இறங்கி நிற்கும் ஆதரவு நிலையில் வாங்கி, ஏறி நிற்கும் தடை நிலையில் விற்பது. நோட்டில் எழுதிப் பார்த்த பயிற்சி வர்த்தகத்தில் இது எங்கே உடைந்தது என்று சொல்கிறேன். ஒரு பங்கு நன்றாக ஏறி ஏடிஎக்ஸ் 40-ல் இருந்தது. பிறகு விலை திரும்பி விழ ஆரம்பித்தது. ப்ளஸ் டிஐ இறங்க, மைனஸ் டிஐ ஏற, இரண்டும் நெருங்கின. அதனால் டிஎக்ஸ் தினமும் குறைந்து, ஆறாவது நாள் இரண்டு கோடும் சந்தித்தபோது பூஜ்யத்தைத் தொட்டது. பிறகு மைனஸ் டிஐ மேலே போய் இடைவெளி விரிந்ததால் டிஎக்ஸ் மறுபடி ஏறியது. ஏடிஎக்ஸ் மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்து பதின்மூன்றாவது நாள் 24.8 காட்டியது. 25-க்குக் கீழே வந்துவிட்டதே என்று ஆதரவு நிலையில் வாங்குவதாக எழுதினேன். அந்த ஆதரவு உடைந்தது. சில நாளில் ஏடிஎக்ஸ் மறுபடி 25-க்கு மேலே போனது, இந்த முறை இறக்கத்தின் பலத்தைக் காட்டிக்கொண்டு.

விலை வேகமாக விழுந்த நாட்களில்தான் ஏடிஎக்ஸ் குறைந்தது. பழைய ஏற்றத்தின் ஒருபக்கத் தன்மை கரைந்ததைத்தான் அது காட்டியது. அதை நான் அமைதி என்று படித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு கோடு வைத்தேன். 25-க்கு மேலே போனால்தான் போக்கு முறைக்கு மாறுவது, 20-க்குக் கீழே வந்தால்தான் எல்லை முறைக்கு மாறுவது. இடையில் இருக்கும்போது ஏற்கெனவே எந்த முறையில் இருந்தேனோ அதே. மேலே சொன்ன பங்கில் ஏடிஎக்ஸ் 24.6 வரைதான் இறங்கியது, 20-ஐத் தொடவே இல்லை. அதனால் எல்லை முறைக்கு மாறியிருக்க மாட்டேன். போக்கு முறையிலேயே இருந்து, டிஐ கோடுகள் குறுக்கிட்ட ஆறாவது நாளில் வெளியே வந்திருப்பேன். 20-க்குக் கீழே வந்தாலும் இன்னொன்றும் பார்க்கிறேன். இரண்டு டிஐ கோடும் ஒன்றையொன்று அடிக்கடி வெட்டிப் பின்னிக் கிடக்கிறதா, இல்லை ஒன்று மேலேறி விலகிக்கொண்டிருக்கிறதா? விலகினால் காத்திருப்பேன். பின்னிக் கிடந்தால் எல்லை முறை, ஆனால் நஷ்ட நிறுத்தம், அதாவது ஸ்டாப் லாஸ், எல்லைக்கு வெளியே கட்டாயம் இருக்கும். எல்லை உடைவதை ஏடிஎக்ஸ் சில நாள் தாமதமாகத்தான் சொல்லும்.

இதற்கும் விலை உண்டு. 25 வரும்வரை காத்திருப்பதால் போக்கின் முதல் பகுதி கை தவறிவிடும். கோட்டை 20-க்கு இறக்கினால் முன்னதாக நுழையலாம், பொய்யான தொடக்கங்களும் கூடும். இந்த எண்கள் இயற்கை விதி இல்லை. நீங்கள் பார்க்கும் பங்கின் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் வரைபடத்தின் வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மூடிவைத்து, ஒவ்வொரு நாளாக நகர்த்தி, "இப்போது எந்த முறை, ஏன்" என்று ஒரு வரி எழுதினேன். ஒரு இரவுக்கு அறுபது நாள் போதும். ஏடிஎக்ஸ் எண்ணோடு எந்த டிஐ மேலே இருக்கிறது என்பதையும் அந்த வரியில் சேர்த்து எழுதுங்கள்.