குழிக்குள் ஜல்லி வேண்டாம்: எங்கள் வீட்டு மழைநீர்ச் சேகரிப்பு

எங்கள் வீடு சென்னையின் தெற்கே, மேலே களிமண்ணும் அதற்குக் கீழே மணலுமாக இருக்கும் பகுதியில். மொட்டை மாடி 800 சதுர அடி. அதில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க நினைத்தோம். மேஸ்திரி வந்து பார்த்ததும், "நாலடிக்கு ஒரு குழி வெட்டி ஜல்லியைக் கொட்டிரலாம் சார், எல்லா வீட்லயும் அதான்" என்றார். களிமண்ணில் அது சரிவராது, தண்ணீர் இறங்காது. சந்தேகம் தீர ஒரு சின்னக் குழி தோண்டி வாளித் தண்ணீர் ஊற்றிவைத்தோம். மறுநாள் காலையிலும் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

அதனால் கணக்குப் போட்டேன். 3 செ.மீ. மழை பெய்தால், நனைந்தும் சிதறியும் போவது போக இந்த மாடியிலிருந்து ஏறக்குறைய 1,900 லிட்டர் இறங்கும். மூன்றடி விட்டத்தில் பத்தடி ஆழத்துக்குக் கான்கிரீட் உறை இறக்கினால் 2,000 லிட்டர் பிடிக்கும். அதையே ஜல்லியால் நிரப்பினால் இடுக்குகளில் 800 லிட்டர்தான் நிற்கும், மிச்சம் தெருவுக்கு. குழியைக் காலியாக விட்டு, வடிகட்டியைத் தனியாக வைப்பது என்று முடிவாயிற்று.

சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, செப்டிக் டேங்குக்கு எதிர்ப் பக்கத்தில் இடம் குறித்தோம். உறைக்காரர் உள்ளே நின்று மண்ணை அள்ள அள்ள உறைகள் தானாக இறங்கின. ஏழடியில் கறுப்பு மண் முடிந்து, கையில் பிசைந்தால் உதிரும் மணல் வந்தது. அதற்குள் மூன்றடி போனதும் நிறுத்திவிட்டோம். கீழ் உறைகளில் துளை உண்டு. இணைப்புகளுக்குச் சிமெண்ட் பூசவில்லை. அடியில் ஒரு சாண் ஜல்லி மட்டும், விழும் தண்ணீர் மணலைக் கலக்காமல் இருக்க.

வடிகட்டி இரண்டடிச் சதுரச் செங்கல் தொட்டி: கீழே 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் நைலான் வலை. மணல் போடச் சொல்வார்கள். கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகும் தண்ணீரென்றால் சரி. மண்ணுக்குள் இறங்குகிற நீருக்கு அது தேவையில்லை. கனமழையில் மணல் தாங்காமல் தொட்டி வழியும். முதல் மழையின் அழுக்கு, இறங்கு குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதன் மூடியைத் திறந்தால் வெளியே போய்விடும்.

வடிகட்டித் தொட்டி வழியும்போது உறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். உள்ளே காலியென்றால் வடிகட்டியின் ஜல்லி அடைத்திருக்கிறது. எடுத்துக் கழுவ வேண்டும். உள்ளே நிரம்பி, மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் இறங்காமல் நின்றால், அடியில் வண்டல் படிந்திருக்கும். ஆனால் கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலேறி நின்றாலும் அப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூர்வார ஆள் கூப்பிடுவேன்.