நீக்கமா, இடைநிறுத்தமா

கொழும்பில் கையொப்பமாகும் விளம்பரத் தூதுவர் ஒப்பந்தங்களில் நடத்தையைப் பற்றிய பிரிவு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். “நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தும் எந்தச் செயலிலும் தூதுவர் ஈடுபடக் கூடாது, ஈடுபட்டால் நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.” வாசிக்க உறுதியாகத் தெரியும். பிரச்சினை வந்த அன்று எடுத்துப் பார்த்தால்தான் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று புரியும். களங்கம் ஏற்பட்டது என்று யார் தீர்மானிப்பது? எதை வைத்து? அந்த முடிவு வரும்வரை அவருடைய முகத்தை என்ன செய்வது?

ஒரு கற்பனை நிலைமையை எடுத்துக்கொள்வோம். பிஸ்கட் கம்பனி ஒன்று தொலைக்காட்சி நாடக நடிகர் ஒருவரை ஒரு வருடத்துக்கு 60 இலட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்கிறது. நான்காம் மாதம் முடியும் தறுவாயில், ஒரு சனிக்கிழமை இரவு, பம்பலப்பிட்டியில் அவர் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியை அடிப்பதுபோல் ஒரு வீடியோ பரவுகிறது. ஞாயிறு கைது. திங்கள் நீதவான் பிணையில் விடுகிறார்.

ஒப்பந்தத்தில் “குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டால்” என்று எழுதியிருந்தால் கம்பனியின் கை கட்டப்பட்டுவிடும். நம்முடைய நீதிமன்றங்களில் அந்தத் தீர்ப்பு வருமுன் ஒப்பந்தமே காலாவதியாகிவிடும். “குற்றஞ்சாட்டப்பட்டால்” என்று எழுதினால் மறுபக்கம் அநியாயம். இலங்கைக் கிரிக்கெட் வீரர் ஒருவர் 2022 நவம்பரில் சிட்னியில் கைதானார். 2023 செப்டம்பரில் அங்குள்ள நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இடையில் பத்து மாதங்கள். அப்படியான பத்து மாதங்களில் ஒருவரை நீக்கிவிட்டால் பிறகு திருப்பிச் சேர்ப்பது நடக்காது. வைத்துக்கொண்டால் பிஸ்கட் பெட்டியில் அவர் சிரித்துக்கொண்டே இருப்பார்.

இதற்கு நடுவில் நிற்கும் படிதான் இடைநிறுத்தம். இங்கே வரையப்படும் பல ஒப்பந்தங்களில் அது இல்லை. தொடர்வது, முடிப்பது என்ற இரண்டே கதவுகள். சட்டத்தரணியிடம் வாதாடி வாங்கவேண்டிய ஒரே ஒரு பிரிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லலாம். கைது, நீதவான் முன் ஆஜர்படுத்தல், அல்லது தேசிய ஊடகங்களில் பெயரோடு வெளிவந்த பாரதூரமான குற்றச்சாட்டு, இந்த மூன்றில் எது நடந்தாலும் கம்பனி 60 நாட்களுக்கு ஒப்பந்தத்தை இடைநிறுத்தலாம், ஒரு தடவை மட்டும் இன்னும் 60 நாட்கள் நீடிக்கலாம் என்று எழுதினால் போதும். அந்தக் காலத்தில் அவருடைய படத்தைப் பயன்படுத்தவேண்டிய கடப்பாடு இல்லை, மாதக் கட்டணம் நிற்கும், அவர் கம்பனியைப் பற்றிப் பேசக் கூடாது. தூதுவர் தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும்: “காசு நிற்கிறது என்றால் நான் ஏன் வேறு பிஸ்கட் கம்பனிக்குப் போகக் கூடாது?” பாதிக் கட்டணம் கொடுத்துப் போட்டிக் கம்பனித் தடையைத் தக்கவைத்துக்கொள்வது ஒரு வழி. முழுக்க நிறுத்திவிட்டு அந்தத் தடையும் தொடரும் என்று எழுதினால் கெட்டிக்காரச் சட்டத்தரணி அதை முதல் வரைவிலேயே வெட்டிவிடுவார்.

முடிவுறுத்தலுக்கான அளவுகோல் வேறாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் ஒரு நல்ல பாடம் உண்டு. ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட 2011 மே மாதத்தில் ரஷார்ட் மெண்டன்ஹால் என்ற அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் டுவிட்டரில் எழுதிய கருத்துகளுக்காக, அவரைத் தூதுவராக வைத்திருந்த ஹேன்ஸ்பிராண்ட்ஸ் என்ற ஆடைக் கம்பனி அவரை நீக்கியது. நுகர்வோரில் பெரும்பான்மையினரை அதிர்ச்சிக்குள்ளாக்கும் அல்லது புண்படுத்தும் செயல் என்ற விரிவான வாசகம் கம்பனியிடம் இருந்தது. இருந்தும், வீரர் வழக்குப் போட்டபோது அதை ஆரம்பத்திலேயே முடித்துவைக்கும்படி கம்பனி கேட்டதை 2012 இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. மக்கள் உண்மையில் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது சாட்சியம் வைத்துத் தீர்க்கவேண்டிய விடயம் என்றது. பிறகு இரு தரப்பும் சமரசமாகப் போனார்கள். வாசகம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், அன்றைய எதிர்வினையைக் காட்டும் ஆதாரம் கையில் இருக்கவேண்டும். ஆகவே சனி இரவிலிருந்தே ஒருவர் திகதி, நேரத்தோடு திரைப்பிடிப்புகளைச் சேர்க்கவேண்டும்: செய்தித் தலைப்புகள், கம்பனியின் பக்கத்தில் வரும் பின்னூட்டங்கள், பெட்டியை வைக்கத் தயங்கும் கடைக்காரர்களிடமிருந்து விநியோகஸ்தருக்கு வரும் குறுஞ்செய்திகள். திங்கட்கிழமை தேடினால் பாதி அழிந்திருக்கும்.

அதே இரவில் ஆபத்தானது முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நடிகரின் சிரித்த முகத்தோடு “இனிய காலைத் தேநீர்” பதிவு தானாக வெளியாகும். கேலி ஒருபக்கம், தெரிந்துகொண்டும் தொடர்ந்து பயன்படுத்தினீர்கள், ஆகவே உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு பிறகு வாதிட அது இடம் கொடுக்கும். அதனால் முதல் மின்னஞ்சல் இரண்டே வரியில் போகவேண்டும்: சம்பவத்தை அறிந்துள்ளோம், ஒப்பந்தத்தின் கீழ் உள்ள எல்லா உரிமைகளையும் தக்கவைத்துக்கொள்கிறோம். இங்கேதான் பழைய மாதிரி ஒப்பந்தங்கள் காலை வாரும். அறிவித்தல் பதிவுத்தபாலில் மட்டும் என்று இருந்தால், சனி இரவு என்ன செய்வது? ஞாயிறு தபாலகம் பூட்டு, திங்கள் போயா தினமென்றால் இன்னும் ஒரு நாள். மின்னஞ்சல் அனுப்பிய நேரத்திலிருந்தே அறிவித்தல் செல்லுபடியாகும், நடிகரின் முகாமையாளருக்கும் பிரதி போகும் என்று எழுதிக்கொள்ளவேண்டும்.

இனிக் காசு. கையொப்பமிடும்போது பாதி, படப்பிடிப்பு முடிந்ததும் கால்வாசி, ஒன்பதாம் மாதம் மீதி என்ற வழமையான முறையில் நம் உதாரணத்தில் 45 இலட்சம் போயிருக்கும். நான்கு மாதத்துக்குரிய பங்கு 20 இலட்சம்தான். மீதி 25 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், பிணையில் வந்திருக்கும் ஒருவரிடம் போய் அதைக் கறப்பது எளிதா? படப்பிடிப்புக்கு 12 இலட்சம், பிறகு மாதம் 4 இலட்சம் என்று பிரித்திருந்தால் அதே நாளில் 28 இலட்சம்தான் கைமாறியிருக்கும். திருப்பிக் கேட்கும் பேச்சே வராது. கொடுக்காமல் இருந்தால் போதும். முன்பணம் கூடக் கேட்கும் பெரிய நட்சத்திரங்களிடம் இது எடுபடாது. அப்போது திருப்பும் தொகையை மாதக் கணக்கில் அட்டவணையாகவே இணைத்துவிட வேண்டும். பிடித்துவைத்த வரியைச் சேர்த்தா, கழித்தா என்றும் சொல்லவேண்டும். கம்பனி 100 ரூபாய் கணக்கெழுதியிருக்கும், நடிகர் கையில் அதைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருப்பார். அந்த வித்தியாசத்திலேயே பேச்சுவார்த்தை முறிந்துபோவதுண்டு. தண்டமாக ஒரு பெருந்தொகையை எழுதிவைத்துத் திருப்திப்படுபவர்களும் இருக்கிறார்கள். உண்மை இழப்போடு பொருந்தாத தொகையை நீதிமன்றம் அப்படியே அள்ளித் தரும் என்று நம்பி அதை எழுதக் கூடாது.

முகம் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்தே ஒரு விரிதாளில் இருக்கவேண்டும். இடம், எண்ணிக்கை, அகற்றப் பொறுப்பானவர், எடுக்கும் நேரம். கட்டண டிஜிட்டல் விளம்பரங்களைச் சில நிமிடங்களில் நிறுத்தலாம். தொலைக்காட்சியில் வாங்கிவைத்த நேரத்தைக் கடைசி நிமிடத்தில் ரத்துச் செய்தாலும் காசு போகும். அதனால் படப்பிடிப்பு நாளிலேயே நடிகர் இல்லாத, பிஸ்கட் மட்டும் தெரியும் 15 விநாடிப் பிரதி ஒன்றையும் எடுத்து எல்லா அலைவரிசைகளிலும் ஒப்படைத்து வைப்பது புத்தி. பிறகு ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றலாம். காலி வீதி விளம்பரப் பலகைக்குப் புதுத் துணி அச்சடித்து, ஏற ஆட்களைப் பிடித்து முடிக்க ஓரிரு நாளாவது ஆகும். முகமற்ற துணி ஒன்று களஞ்சியத்தில் இருந்தால் அச்சுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. புறக்கோட்டை மொத்தக் கடைச் சுவரொட்டிகளும் முச்சக்கரவண்டி ஸ்டிக்கர்களும் ஒருபோதும் முழுதாகப் போகாது.

எல்லாவற்றையும்விடத் தலைவலி தருவது பெட்டி. நடிகரின் முகம் அச்சிட்ட உறை மூன்று மாதத்துக்குக் களஞ்சியத்தில் இருக்கும். ஒப்பந்தம் இயல்பாகக் காலாவதியானால் மீதிச் சரக்கை 90 நாட்கள் விற்கலாம் என்று எழுதியிருப்பார்கள். நடத்தைக்காக முடித்தால் என்ன என்று எழுத மறந்திருப்பார்கள். விளைவு வேடிக்கையானது: கோபத்தில் ஒப்பந்தத்தை முடித்த கம்பனிக்கு மறுநாளே அந்த முகத்தை விற்க உரிமையில்லை, கடையில் கிடக்கும் ஒவ்வொரு பெட்டியும் நடிகர் வழக்குப் போடக் காரணமாகிறது. 2022 ஒக்டோபரில் அடிடாஸ் யே என்ற பாடகரோடு உறவை முறித்தபோது குவிந்திருந்த சப்பாத்துகளை என்ன செய்வது என்பதே பெரிய கேள்வியானது; அடுத்த மே மாதத்திலிருந்துதான் தவணை தவணையாக விற்றார்கள், வருமானத்தில் ஒரு பகுதியை நன்கொடையாகக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிந்தாலும் மீதிச் சரக்கின் விற்பனை உரிமை உண்டு என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும். முகத்தை மூடும் ஸ்டிக்கர் ஒட்டும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

அறிக்கைக்கு வருவோம். கொழும்பில் அது மூன்று மொழியில் போகவேண்டும். ஆங்கிலத்தில் மூன்று மணித்தியாலம் செதுக்குவார்கள், சிங்களத்தையும் தமிழையும் ஏஜென்சியில் யாரோ பத்து நிமிடத்தில் மாற்றுவார்கள். இடைநிறுத்தம் என்பது ஒரு மொழியில் நீக்கம் என்று ஆகிவிட்டால், அந்த மொழிப் பத்திரிகையின் தலைப்பு அதுதான். கம்பனி முடித்துவிட்டதாக நடிகரின் சட்டத்தரணி அதையே எடுத்துக் காட்டுவார். மூன்று வாசகங்களும் முன்கூட்டியே சட்டத்தரணி பார்த்து, பெயரும் திகதியும் மட்டும் வெற்றிடமாக இருக்கட்டும். “அவர் செய்த தாக்குதல்” என்று எழுதவே கூடாது. குற்றவியல் அவதூறு இங்கே 2002 இல் நீக்கப்பட்டது, சிவில் வழக்கு இன்னும் உண்டு. விடயம் பாலியல் குற்றச்சாட்டு என்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய இடம், உறவு எதையும் தொடக் கூடாது. தண்டனைச் சட்டக்கோவையின்படி அதுவே தனிக் குற்றம்.

கடைசியாக ஒரு சிறிய வரி, பலர் விட்டுவிடுவது. ஒப்பந்தம் முடிந்த பின் கம்பனி நியாயமான முயற்சி எடுத்தும் மூன்றாம் தரப்பினர் அகற்றாத சுவரொட்டிகளும் மற்றவர்கள் பகிர்ந்த பழைய பதிவுகளும் மீறலாகக் கருதப்படமாட்டா. இது இல்லாவிட்டால், ஏதோ ஒரு சந்துக் கடையின் கண்ணாடியில் இரண்டு வருடம் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் அந்தச் சிரிப்புக்கும் கம்பனிதான் பதில் சொல்லவேண்டும்.