சதுர அடியும் அறைகளும்: கிரேடியன்ட் டிசென்ட் ஏன் வளைந்து வளைந்து போகிறது?

மெஷின் லேர்னிங் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், "தரவை ஸ்கேல் பண்ணினால் கிரேடியன்ட் டிசென்ட் வேகமாக ஒருங்கும்" என்ற ஒரு வரியைப் பாடமாக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேள்வித்தாளில் லொஸ்ஸின் சமவுயரக் கோடுகளைத் தந்து "பாதையை வரைக, காரணம் தருக" என்று கேட்டால் அந்த ஒரு வரி போதாது. வெள்ளவத்தையில் வார இறுதிகளில் ஜூனியர் பிள்ளைகளோடு இருந்து படிக்கும்போது நான் எப்போதும் ஒரே கணக்கைத்தான் எடுப்பேன். தாளில் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது.

காலி வீதிக்கு இரு பக்கமும் உள்ள பிளாட்டுகளின் மாத வாடகையை மதிப்பிட வேண்டும் என்று வையுங்கள். உள்ளீடு இரண்டு நிரல்கள்: பரப்பு சதுர அடியில், படுக்கையறைகளின் எண்ணிக்கை. கணக்குக்காகப் பரப்பின் இடை 900, நியம விலகல் 300 என்று எடுப்போம். அறைகளின் நியம விலகல் 1. மொடல் கண்டுபிடிக்க வேண்டிய இரண்டு வெயிட்டுகளின் சரியான விடை சதுர அடிக்கு 100 ரூபாய், அறைக்கு 8000 ரூபாய். முதலில் இரண்டு நிரல்களிலிருந்தும் இடையைக் கழித்துவிட்டோம், இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றும் கொள்வோம். உண்மையில் தொடர்பு உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

லொஸ் என்பது சராசரி வர்க்கப் பிழையின் பாதி என்று எடுத்தால், ஒரு வெயிட்டின் கிரேடியன்ட் என்பது, ஒவ்வொரு வரிசையிலும் உள்ள பிழையை அந்த நிரலின் பெறுமானத்தால் பெருக்கி எடுக்கும் சராசரி. இங்கே நிரலின் பெறுமானம் இரண்டு தடவை வேலை செய்கிறது. வெயிட்டைக் கொஞ்சம் மாற்றினால் பிழை மாறும் அளவு அந்தப் பெறுமானத்தைப் பொறுத்தது. அந்தப் பிழையை மறுபடியும் அதே பெறுமானத்தால் பெருக்குகிறோம். ஆகவே நிரல் 300 மடங்கு பெரிதென்றால், லொஸ் வளையும் வேகம் 300 மடங்கு இல்லை, 90000 மடங்கு. வர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இரண்டாம் வகையீடு என்று சொன்னாலே போதும்: பரப்பின் பக்கம் 90000, அறையின் பக்கம் 1.

லேர்னிங் ரேட் இரண்டு வெயிட்டுக்கும் ஒன்றுதான். அது 2/90000, அதாவது சுமார் 0.000022-ஐத் தாண்டினால் பரப்பின் வெயிட் ஒவ்வொரு படியிலும் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் திரையில் `inf` அல்லது `nan` வந்து நிற்கும். சரி, 0.00002 என்று வைப்போம். இரண்டு வெயிட்டும் பூச்சியத்தில் தொடங்கட்டும்.

ஒவ்வொரு படியிலும் பரப்பின் வெயிட்டில் உள்ள தவறு 1 − 0.00002 × 90000, அதாவது −0.8 ஆல் பெருக்கப்படுகிறது. விடையிலிருந்து உள்ள தூரத்தை எழுதிப் பாருங்கள்: 100, −80, 64, −51.2, 40.96. குறி மாறி மாறி வருகிறது. லொஸ் பள்ளத்தாக்கின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பாய்ந்து திரும்புவது இதுதான். அதே படிகளில் அறையின் வெயிட் 0.99998 ஆல் பெருக்கப்படுகிறது: 8000, 7999.84, 7999.68. பக்கவாட்டில் அவ்வளவு ஆட்டம், முன்னால் ஓர் அங்குலமும் இல்லை. அறையின் தவறு பாதியாகவே கிட்டத்தட்ட 34,650 படிகள் வேண்டும்.

வரைபடத்தில் இதே விஷயம் நீண்டு ஒடுங்கிய நீள்வட்டங்களாகத் தெரியும். கிரேடியன்ட் எப்போதும் சமவுயரக் கோட்டுக்குச் செங்குத்து. கோடுகள் வட்டமாக இருந்தால் அந்தச் செங்குத்து நேரே மையத்தைக் காட்டும். ஒடுங்கிய நீள்வட்டத்தில் அது பெரும்பாலும் எதிர்ச் சுவரைத்தான் காட்டும். விடைத்தாளில் படம் கீறினால் இந்தச் செங்கோணத்தையும் குறித்துக் காட்டுங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது.

நடைமுறையில் ஆளை ஏமாற்றுவது லொஸ் வரைபடம். மேலே உள்ள கணக்கில் தொடக்கத்தில் சராசரி வர்க்கப் பிழைக்குப் பரப்பின் பங்கு 900 மில்லியன், அறையின் பங்கு 64 மில்லியன். 20 படிகளில் பரப்பின் பங்கு அநேகமாக முழுதும் கரைந்துவிடும். அறையின் பங்கு அப்படியே நிற்கும். ஆக லொஸ் 90 வீதத்துக்கு மேல் விழுந்து, பிறகு தட்டையாக ஓடும். அந்த நேரத்தில்தான் ஒரு தம்பி கேட்பான்: "அண்ணா, லொஸ் இப்ப அசையுதில்லை. முடிஞ்சுது போல, என்ன?" முடியவில்லை. அறைக்கு 8000 ரூபாய் என்பதை மொடல் இன்னும் தொடவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க லொஸ்ஸை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வெயிட்டையும் அதன் கிரேடியன்டையும் முதல் பத்துப் படிகளுக்கு அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றின் கிரேடியன்டில் குறி படிக்குப் படி மாறி, மற்ற வெயிட் தொடங்கிய இடத்திலேயே நின்றால் அளவுகள்தான் பிரச்சினை.

இனி ஸ்கேல் பண்ணுவோம்.

```python
mu = X_train.mean(axis=0)
sd = X_train.std(axis=0)
X_train_s = (X_train - mu) / sd
X_test_s = (X_test - mu) / sd
```

இப்போது இரண்டு பக்கமும் வளைவு 1. லேர்னிங் ரேட் 0.5 என்றால் இரண்டு தவறும் ஒவ்வொரு படியிலும் சரிபாதியாகும், பாதை நேர்கோடு. பத்துப் படிகளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

மூன்றாவது வரியில் நியம விலகலால் வகுத்தால் போதும், இடையைக் கழிப்பது அழகுக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பெரிய பிழை. பரப்பை 300 ஆல் வகுத்துவிட்டு இடையைக் கழிக்காமல் விட்டால், நிரலின் இடை 3 ஆக நிற்கும். அப்போது மாறிலி உறுப்பும் பரப்பின் வெயிட்டும் ஒன்றையொன்று இழுக்கும். மாறிலிக்கும் பரப்புக்கும் உரிய அணி [[1, 3], [3, 10]]. அதன் ஐகன் பெறுமானங்கள் ஏறத்தாழ 10.91, 0.092. விகிதம் 119. நீள்வட்டம் இன்னும் ஒடுங்கித்தான் இருக்கிறது. இடையைக் கழித்தால் இந்த விகிதம் 1.

சரி, பரப்பும் அறைகளும் உண்மையில் சேர்ந்தே கூடும் என்பதை ஸ்கேலிங் மாற்றாது. தொடர்பு 0.8 என்றால் ஸ்கேல் பண்ணிய பிறகும் வளைவுகள் 1.8 உம் 0.2 உம், விகிதம் 9. லேர்னிங் ரேட் 1 என்று வைத்தால் ஒரு திசையில் தவறு −0.8 ஆலும் மற்றதில் 0.8 ஆலும் பெருக்கப்படும். கொஞ்சம் ஆடும்தான், ஆனால் இரண்டு திசையும் ஒரே வேகத்தில் சுருங்கி, 20 படிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். "ஸ்கேல் பண்ணினால் பாதையில் வளைவே இருக்காது" என்று விடையில் எழுதாதீர்கள்.

கடைசியாக, சோதனைத் தரவுக்கும் பயிற்சித் தரவின் `mu`, `sd` தான். வெயிட்டுகளை ரூபாயில் வாசிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் அதன் `sd` ஆல் வகுக்க வேண்டும். நம் கணக்கில் பரப்பின் வெயிட் 30000 என்று வரும்; 300 ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 100 ரூபாய். ஒழுங்காக்கல் உறுப்பு எதுவும் சேர்க்காதவரை, ஸ்கேல் பண்ணாமல் பொறுத்திருந்தாலும் கடைசியில் இதே 100 தான் வரும்.