எங்க பிள்ளைக்க தப்பு இல்லல்லா?

2021 ஜூன் 24, வியாழக்கிழமை. கல்லூரி பூட்டிக்கிடந்த காலம். வகுப்பு, பாடக்குறிப்பு, தேர்வு எல்லாமே எங்கள் வளாகத்தில் இருந்த ஒரு சர்வரில் மூடில் என்ற இணைய வகுப்புத் தளம் வழியாகத்தான் நடந்தது. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை 11 மணிக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 71 பேருக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. 20 கேள்வி, 45 நிமிடம்.

இடவப்பாதி மழை காற்றோடு அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் கிளையோ தென்னை மட்டையோ கம்பியில் விழுந்து கரண்ட் போவது புதிதில்லை. 11:14-க்குப் போனது. யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும் என்ற நம்பிக்கையில் செக்யூரிட்டி அண்ணனை போனில் கூப்பிட்டு ஜெனரேட்டரை ஓடவிடச் சொன்னேன். வளாகம் காலியாக இருந்ததால், கரண்ட் ஒரு நொடி கண்சிமிட்டினாலும் ஜெனரேட்டர் ஓட வேண்டாம் என்று ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி வைத்திருந்தோம். அவர் குடையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ச் சேருமுன்பே, 11:18-க்கு, யூபிஎஸ் நின்றது. சர்வர் அப்படியே அணைந்தது.

11:50-க்குக் கரண்ட் வந்தது. 12:05-க்குத் தளம் எழுந்தது. தரவுத்தளத்தின் பதிவேட்டில் இந்த இரண்டு வரிகளைப் பார்த்தேன்:

```
InnoDB: Database was not shutdown normally!
InnoDB: Starting crash recovery.
```

பயமுறுத்தும் வரிகள்தான். ஆனால் அதன் பிறகு பிழை எதுவும் இல்லாமல் தரவுத்தளம் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில், 12:30-க்கு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். நாலே வரி. எதிர்பாராத மின்தடை காரணமாகத் தளம் சிறிது நேரம் இயங்கவில்லை, தற்போது சரிசெய்யப்பட்டது, தரவுகள் அனைத்தும் பத்திரமாக உள்ளன, ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.

12:40-லிருந்து போன் அடிக்கத் தொடங்கியது. மூன்றாவதாகப் பேசியவர் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகும் ஒரு அப்பா. அவர் தளத்தைப் பற்றியோ கரண்டைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "சார், பிள்ளைக்கு ஆறு மார்க்குன்னு வந்திருக்கு. அவ அழுதுட்டு இருக்கா. எங்க பிள்ளைக்க தப்பு இல்லல்லா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க் எப்படி வந்தது?

மூடிலில் தேர்வு எழுதும்போது, திறந்திருக்கும் பக்கத்தில் மாணவர் தரும் விடைகள் நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கப்படும். அது நல்ல ஏற்பாடு. நேரம் முடிந்தும் யாராவது சமர்ப்பிக்காமல் விட்டிருந்தால், பின்னணியில் ஓடும் ‘கிரான்’ என்ற வேலை அவர்களுக்காகத் தானே சமர்ப்பித்துவிடும். அதுவும் சாதாரண நாளில் நல்ல ஏற்பாடு. ஆனால் அன்று 12:05-க்கு எழுந்த சர்வர் கடிகாரத்தைப் பார்த்தது. 45 நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. நடுவில் தான் அணைந்துகிடந்தது அதற்குத் தெரியாது. திறந்துகிடந்த விடைத்தாள்களை எல்லாம் 11:18 வரை சேமித்திருந்த நிலையில் சமர்ப்பித்து, திருத்தி, மதிப்பெண்ணும் போட்டு மாணவர்களுக்குக் காட்டிவிட்டது.

யார் யார் உண்மையிலேயே முடித்தவர்கள் என்று பார்க்க இதை ஓட்டினேன்:

```
SELECT COUNT(*) FROM mdl_quiz_attempts
WHERE quiz = 214 AND state = 'finished'
AND timefinish < UNIX_TIMESTAMP('2021-06-24 11:18:00');
```

விடை 9. மீதி 62 பேர் பாதியில் நின்றவர்கள். வெறும் பட்டியலைப் பார்த்தால் 71 பேருமே ‘finished’ என்றுதான் இருந்தது. நேரத்தை வைத்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரிந்தது.

தரவுகள் பத்திரம் என்று நான் எழுதியது பொய்யில்லை. சேமித்த விடை ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைப் படித்த பெற்றோர், அந்த ஆறு மார்க்கும் பத்திரமாக இருக்கிறது, அதுதான் இறுதி என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? தளம் எழுந்ததைப் பார்த்த கையோடு எழுதினேன்; தேர்வு என்ன ஆனது என்று பார்த்துவிட்டு எழுதவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்க மாட்டாள். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

முதலில் மதிப்பெண்ணை மாணவர் கண்ணில் படாதபடி மறைத்தேன். அப்புறம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி போட்டேன்: இப்போது தெரியும் மார்க் செல்லாது, மாலைக்குள் விவரமாக மின்னஞ்சல் வரும். அதன் பிறகுதான் காரணத்தைத் தேடப் போனேன்.

யூபிஎஸ் பேட்டரிகள் மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்பு அலமாரியில் இருந்தன. 12 வோல்ட் பேட்டரி 16, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது. சர்வர் அறையில் ஏசி உண்டு. படிக்குக் கீழே கிடையாது. இந்த வகை பேட்டரிக்குச் சூடு ஆகாது, ஆயுள் வேகமாகக் குறையும். எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சார்ஜில் இருக்கும்போது பதினாறும் 13.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டின. "எல்லாம் நல்லாதான் இருக்கு சார்" என்றார். சர்வரை முறையாக நிறுத்திவிட்டு, விளக்கும் விசிறியும் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடும்படி வைத்து, மெயினை அணைக்கச் சொன்னேன். பதினைந்து பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றன. கீழ்த்தட்டில் ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் எங்கள் கண்முன்னாலேயே 11, 10, 9 என்று இறங்கியது. அதன் பக்கச்சுவர் லேசாக உப்பியிருந்தது. வரிசையில் ஒன்று படுத்தால் முழு வரிசையும் படுத்துவிடும். சும்மா இருக்கும்போது அளந்தால் இது தெரியாது, பாரம் ஏற்றினால்தான் தெரியும். வாங்கி நாலு வருடம் தாண்டியிருந்தும் ஒருநாள்கூட நாங்கள் பாரம் ஏற்றிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் துறைத்தலைவரும் முதல்வரும் நானும் காணொளியில் உட்கார்ந்தோம். மறுதேர்வு வைப்பது உடனே முடிவானது. இன்றைய மார்க் நன்றாக வந்தவர்களை என்ன செய்வது என்பதில்தான் நேரம் போனது. 18 நிமிடத்தில் 16 கேள்விக்குச் சரியாகப் பதில் போட்ட பையன் ஒருவன் இருந்தான். அவன் உழைப்பை அழிக்க துறைத்தலைவருக்கு மனம் வரவில்லை. இரண்டில் எது அதிகமோ அது என்று முடித்தோம்.

நான் எழுதிய வரைவைப் படித்துவிட்டு முதல்வர், "பேட்டரி வரைக்கும் எழுதணுமா சார்? மின்தடைன்னு போட்டா போதாதா?" என்று கேட்டார். கல்லூரியின் பெயரைப் பற்றிய கவலை அவருக்கு, அது தப்பில்லை. "மேடம், இன்னும் ரெண்டு மாசம் மழை இருக்கு. கரண்ட் திரும்பவும் போகும். மின்தடைதான் காரணம்னு எழுதினா, அடுத்த தடவையும் தேர்வு போகும்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, எழுதுங்க" என்றார்.

இரவு 7 மணிக்குப் போன மின்னஞ்சல் இது:

"வணக்கம். இன்று காலை 11:18 முதல் 12:05 வரை நமது இணைய வகுப்புத் தளம் இயங்கவில்லை. அப்போது தேர்வு எழுதிக்கொண்டிருந்த 62 மாணவர்களின் விடைத்தாள் பாதியில் நின்றது. அவர்கள் தேர்வை முடித்துவிட்டதாகத் தளம் தானாகப் பதிந்து மதிப்பெண் காட்டியது. அந்த மதிப்பெண்ணால் யாருக்கும் பாதிப்பு வராது. இதில் உங்கள் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை.

மின்தடை வெளியே ஏற்பட்டது. ஆனால் அரை மணி நேரம் தாங்க வேண்டிய எங்கள் பேட்டரி நான்கு நிமிடத்தில் நின்றது. ஜெனரேட்டரும் தானாக ஓடும்படி வைக்கப்படவில்லை. இரண்டும் எங்கள் பொறுப்பு. மதியம் அனுப்பிய மின்னஞ்சலில் இதைச் சொல்லாமல் விட்டதும் எங்கள் தவறு. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

62 பேருக்கும் மறுதேர்வு ஜூன் 28, திங்கள் காலை 11 மணிக்கு. கேள்விகள் வேறு, பாடப்பகுதி அதே. இரண்டில் அதிக மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும். அதற்குள் பேட்டரி மாற்றப்படும். ஜெனரேட்டர் இன்றே ஆட்டோவில் வைக்கப்பட்டது."

கீழே என் கைபேசி எண். முகவரிகளை எல்லாம் ஒருவருக்கொருவர் தெரியாதபடி பிசிசி-யில் போட்டேன். மதிய அவசரத்தில் அதையும் ‘To’ கட்டத்தில் போட்டு, 71 குடும்பங்களின் முகவரியையும் எல்லோருக்கும் காட்டியிருந்தேன். அதற்கு மறுநாள் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

பதில்கள் வந்தன. குளச்சல் மாணவி ஒருத்தி ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். தளம் அணைந்தபோது அவள் போனில் இந்தச் செய்தி வந்திருக்கிறது: ‘Network connection lost. (Autosave failed).’ அதற்குக் கீழே, கடைசியாகத் தந்த விடைகளைக் குறித்து வைத்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அவள் அப்படியே செய்திருக்கிறாள். கோடு போட்ட தாளில் கேள்வி எண், விடை, பக்கத்தில் நேரம் 11:21. "சார், நான் எழுதினேன்னு நம்புவீங்களா?" என்று கேட்டிருந்தாள். நம்புகிறேன், ஆனாலும் மறுதேர்வு எழுதிவிடு என்று பதில் போட்டேன். அந்தத் தாளைத் துறைத்தலைவருக்கும் அனுப்பினேன்.

பெற்றோர் முகவரிப் பட்டியலை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 71-இல் 14 பெற்றோருக்கு இரண்டே முகவரிகள். சேர்க்கை விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் நிரப்பும்போது, வீட்டில் மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு சென்டர்காரரே தன் முகவரியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த 14 வீட்டுக்கும் நான் போனில் கூப்பிட்டு மின்னஞ்சலை வாசித்துக் காட்டினேன். ஒன்பது மணியைத் தாண்டிவிட்டது. குலசேகரத்து அப்பாவும் அந்தப் பதினான்கில் ஒருவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "தவறு எதுவும் இல்லைன்னு இருக்குல்லா, அதை இன்னொருக்கா வாசிங்க சார், அவளும் கேக்கட்டு" என்றார். போனை ஸ்பீக்கரில் போடும் சத்தம் கேட்டது. வாசித்தேன்.