அக்டோபரில் விற்றது, நவம்பரில் திரும்பியது

ஏசிசிஏ படிப்பின் நிதி அறிக்கைத் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். 2024 ஜூனில் 46 மதிப்பெண். தேர்ச்சிக்கு 50 வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் தேறினேன். இடையில் ஆறு மாதம் புத்தகத்தைப் புரட்டியது உண்மைதான். ஆனால் ஒரு பாடத்தை மட்டும் எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, நான் வேலை பார்த்த துணிக்கடையின் கிடங்கு. திருப்பி அனுப்பப்படும் சரக்கையும் கிரெடிட் நோட்டையும் எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்பதே அந்தப் பாடம். இதே தாளை எழுதுகிறவர்களுக்கும், மாத அறிக்கை தயாரிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. பெயர் வேண்டாம். பகலில் அங்கே கணக்கு எழுதுவேன், இரவில் படிப்பேன். வருமானத்தை எப்போது, எவ்வளவு கணக்கில் காட்டுவது என்று சொல்லும் ஐஎஃப்ஆர்எஸ் 15 தரம், அதன் மலேசிய வடிவமான எம்எஃப்ஆர்எஸ் 15 இரண்டையும் இரவில் மனப்பாடம் செய்துவிட்டு, மறுநாள் காலை அவற்றுக்கு நேர்மாறான மாத அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. மாதத்தின் கடைசி நாள். துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதன் வில்லங்கம் உடனே தெரிந்துவிடும்: விற்பனை முழுவதும் அக்டோபரில், திரும்பி வருவதில் பெரும்பகுதி நவம்பரில். எங்கள் கடை சில்லறைக் கடைகளுக்குப் பண்டிகைச் சரக்கு கொடுக்கும்போது ஒரு சலுகை உண்டு. விற்காத சேலைகளை மடிப்புக் கலையாமல் தீபாவளி கழிந்த 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

நவம்பர் முதல் வாரத்தில் நான் கொடுத்த அறிக்கையில் அக்டோபர் விற்பனை 480,000 வெள்ளி. முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இவ்வளவு விற்றோம் என்கிறாய். பின்கட்டில் மூட்டை மூட்டையாகச் சேலை திரும்பி வந்து கிடக்கிறதே, அது எந்தக் கணக்கில் இருக்கிறது?"

எந்தக் கணக்கிலும் இல்லை. மென்பொருளிலிருந்து இன்வாய்ஸ் பட்டியலை மட்டும் எடுத்து, கீழே கூட்டுத்தொகை போட்டு, ஒரு வருடமாக அதையே விற்பனை என்று கொடுத்துவந்தேன். கிரெடிட் நோட்டுகள் வேறு பட்டியலில் இருந்தன. அக்டோபரில் மட்டும் 12,000 வெள்ளிக்குக் கிரெடிட் நோட் போட்டிருந்தோம், எல்லாமே பண்டிகை அல்லாத வழக்கமான விற்பனையில் சாயம் போனது, விலை தவறாகப் போட்டது போன்றவற்றுக்காக.

சரி, இரண்டு பட்டியலையும் ஒன்றாக இறக்கிக் கூட்டுவோம் என்று செய்தால் 492,000 வந்தது. குறைய வேண்டியது கூடிவிட்டது! எங்கள் மென்பொருள் கிரெடிட் நோட் தொகையையும் கழித்தல் குறி இல்லாமல் ஏற்றுமதி செய்கிறது. அதனால் பிழை 12,000 இல்லை, அதன் இரு மடங்கு. முதல் நெடுவரிசையில் ஆவண வகை, நான்காவதில் தொகை என்றால் சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

```
=SUMIFS(D:D,A:A,"INV")-SUMIFS(D:D,A:A,"CN")
```

உங்கள் மென்பொருள் கழித்தல் குறியோடு இறக்கினால் இதே சூத்திரம் தலைகீழாகக் கெடுக்கும். ஆகவே முதலில் ஒரு கிரெடிட் நோட்டைக் கண்ணால் பாருங்கள். இறுதி எண்ணைப் பேரேட்டில் உள்ள விற்பனைக் கணக்கு, விற்பனைத் திருப்பக் கணக்கு இரண்டின் நிகரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அறிக்கையை வெளியே அனுப்பாதீர்கள்.

வழியில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எல்லாக் கிரெடிட் நோட்டும் விற்பனையைக் குறைப்பதில்லை. சில கடைகளில் வராக்கடனைத் தள்ளுபடி செய்யவும் கிரெடிட் நோட்டையே போட்டுவிடுவார்கள். அது செலவு. அதை விற்பனையிலிருந்து கழித்தால் நிகர விற்பனை தேவையில்லாமல் குறைந்துபோகும்.

இப்போது 468,000. நான் அதோடு நிறுத்தியிருப்பேன். முதலாளி கேட்ட மூட்டைகள் அந்த 12,000-இல் இல்லை என்பது கிடங்குக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அங்கே இருக்கும் அண்ணன் ஒரு எண்ணிட்ட புத்தகம் வைத்திருக்கிறார். மூட்டை உள்ளே வந்தவுடன் தேதி, கடை, எத்தனை சேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அது திரும்பிய சரக்குக் குறிப்பு. அதன் பிறகு விற்பனையாளர் பார்க்க வேண்டும், மடிப்புக் கலைந்ததா என்று சோதிக்க வேண்டும், முதலாளி சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் என் மேசைக்கு வந்து கிரெடிட் நோட் ஆகும். பண்டிகை நேரத்தில் இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இனி விற்காது என்று பண்டிகைக்கு முன்பே கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் சிலர் திருப்பிய மூட்டைகள் அக்டோபர் 30-ஆம் தேதிக்குள் கிடங்குக்கு வந்துவிட்டன. மதிப்பு 9,000 வெள்ளி. கிரெடிட் நோட் தேதியோ நவம்பர் 6. தேதி வைத்து வடிகட்டும் எந்த அறிக்கையும் இதைப் பிடிக்காது.

பிடிக்கும் வழி எளிது. அக்டோபரின் கடைசிக் குறிப்பு எண்ணை அந்தப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண் வரை ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாதவற்றின் தொகையை, இன்வாய்ஸ் விலையில், அக்டோபரிலேயே கழித்துவிடுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் ஒருமுறை: நவம்பர் முதல் இரண்டு வாரக் கிரெடிட் நோட்டுகளை எடுத்து, சரக்கு உள்ளே வந்த தேதி என்ன என்று பாருங்கள். அக்டோபர் என்றால் அது அக்டோபருக்கு உரியது.

459,000. இன்னும் முடியவில்லை. ஜூனில் நான் மதிப்பெண் இழந்தது அடுத்த படியைப் புரிந்துகொள்ளாததால் என்றுதான் நினைக்கிறேன். தேர்வு வினாவை வெளியில் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். பயிற்சி வினாக்களிலும் திரும்பத் திரும்ப அங்கேயே விழுந்தேன். திரும்பி வந்ததைக் கழிப்பேன். திரும்பி வரப்போவதைத் தொடமாட்டேன். வராத சரக்கை எப்படிக் கழிப்பது என்று ஒரு பிடிவாதம்.

அக்டோபர் இன்வாய்ஸ்களில் 300,000 வெள்ளி அந்தப் பண்டிகைச் சலுகையோடு போனவை. முந்தைய இரண்டு தீபாவளிகளின் கிரெடிட் நோட்டுகளை எடுத்துப் பார்த்தால், அப்படிப் போனதில் ஏறக்குறைய 10 விழுக்காடு திரும்பியிருந்தது. எனவே எதிர்பார்ப்பது 30,000. அதில் 9,000 ஏற்கெனவே கிடங்கில் இருக்கிறது. மீதி 21,000 வெள்ளிச் சரக்கு யாரோ ஒருவர் கடையில் இருந்தாலும் அது நமக்கு நிலைத்த வருமானம் இல்லை. விற்பனைக்குப் பற்று 21,000. திருப்பித் தர வேண்டிய தொகை என்ற பொறுப்புக் கணக்குக்கு வரவு 21,000. நிகர விற்பனை 438,000. நான் முதலில் கொடுத்த எண் 42,000 அதிகம். விற்பனையாளர் கமிஷன் 2 விழுக்காடு என்பதால், முதலாளி கேட்காமல் இருந்திருந்தால் 840 வெள்ளி கூடுதலாகப் போயிருக்கும்.

அடக்க விலைப் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். எங்கள் அடக்கம் விற்பனை விலையில் 70 விழுக்காடு. வந்துவிட்ட 9,000-க்கு 6,300 வெள்ளி சரக்கிருப்பில் ஏறும். வரப்போகும் 21,000-க்கு 14,700 வெள்ளி, திரும்பப் பெறும் உரிமை என்ற தனிச் சொத்தாக நிற்கும். விற்ற சரக்கின் அடக்கம் அந்த அளவுக்குக் குறையும். பொறுப்பையும் இந்தச் சொத்தையும் ஒன்றுக்கொன்று கழித்து, 21,000-இல் 14,700 போக 6,300 என்று ஒரே வரியில் காட்டக்கூடாது, இரண்டும் தனித்தனியே தெரிய வேண்டும். பயிற்சி வினாக்களில் நான் அதிகம் கோட்டைவிட்ட இடம் இது. கறைபட்டு, பாதி விலைக்கே போகும் சேலைகள் என்றால் அந்த 14,700-யும் குறைக்க வேண்டும்.

இந்தக் கடை போன்ற தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் எம்பிஇஆர்எஸ் என்ற எளிய தரத்தைப் பின்பற்றுகின்றன. கணிக்க முடிந்த திருப்பங்களுக்கு விற்ற மாதத்திலேயே இடம் ஒதுக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. ஆனால் சரக்கு கடைக்காரரிடம் வெறுமனே வைக்கப்பட்டு, அவர் விற்றால் மட்டுமே நமக்குக் கடன்பட்டவர் ஆவார் என்றால் அது வேறு கதை. அதற்கு இன்வாய்ஸ் போட்டிருந்தாலும் அது விற்பனையே ஆகாது, 10 விழுக்காடு கழித்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

நவம்பரில் நான் இன்னொரு குழியில் விழுந்தேன். மீதிச் சேலைகள் வந்தன, 24,000 வெள்ளிக்கு. வழக்கம்போல் கிரெடிட் நோட் போட்டேன். மென்பொருள் வழக்கம்போல் விற்பனைத் திருப்பக் கணக்கில் பற்று வைத்தது. அக்டோபரில் ஏற்கெனவே கழித்த 21,000 நவம்பரில் மறுபடி கழிந்தது. அந்த 9,000-த்தின் கிரெடிட் நோட்டும் சேர்ந்துகொள்ள, நவம்பர் விற்பனை 30,000 வெள்ளி குறைவாகத் தெரிந்தது. பண்டிகை முடிந்த மாதம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொறுப்புக் கணக்கைத் திறந்தபோது 21,000 அப்படியே அசையாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. முதல் 21,000 அந்தப் பொறுப்பைத் தீர்க்க வேண்டும். கணிப்பை மீறிய 3,000 மட்டுமே நவம்பர் விற்பனையைத் தொட வேண்டும். 9,000-த்துக்கு நவம்பர் முதல் தேதியில் எதிர்ப்பதிவு போட்டிருந்தால் அதுவும் தானாகச் சரியாகியிருக்கும்.

இதைத் திருத்தி முடித்த பின்தான் டிசம்பர் தேர்வுக்குப் போனேன். அதன் பிறகு இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்தால் முதலில் தாளின் ஓரத்தில் மூன்று எண்களை எழுதிக்கொள்கிறேன்: கிரெடிட் நோட் ஆனது, வந்தும் ஆகாதது, இனி வரப்போவது. வினாவில் எந்த எண் கொடுத்திருக்கிறார்கள், எது மறைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதியே வந்துவிட்டது. 14 நாள் கெடு நவம்பர் 3-இல் முடிந்தது. அக்டோபர் கடைசியில் அதே 10 விழுக்காட்டை வைத்து இன்னும் இவ்வளவு வரும் என்று எழுதப்போனேன். கிடங்கு அண்ணன் புத்தகத்தை நீட்டி, "வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது அம்மா, ஈப்போ கடை ஒன்றுதான் பாக்கி" என்றார். அந்த ஒரு கடைக்கு மட்டும் ஒதுக்கினேன்.